புதுப்பிப்பு: போனில் உள்ள எல்லோருக்கும் போன திருக்கல்யாண வாழ்த்து

அன்று கேட்டது: "மதுரையில் மஞ்சள், குங்குமம், தாலிக்கயிறு விற்கும் கடை எங்களுடையது. வாடிக்கையாளர்களுக்கு என்று நேரம் குறித்து வைத்த வாட்ஸ்அப் வாழ்த்து, போனில் இருக்கிற எல்லோருக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. எப்படி நிறுத்துவது?"

உடனே பதில் சொன்னவர்களுக்கு நன்றி. நின்றுவிட்டது.

பிளைட் மோடு போடச் சொன்ன தம்பி சொன்னது பாதி சரி. போட்டதும் நின்றது, எடுத்ததும் வரிசையில் காத்திருந்தவை மளமளவென்று கிளம்பின. உண்மையில் நிறுத்தியது சிவகாசி அண்ணன் சொன்ன வழிதான்: செட்டிங்ஸில் அணுகல்தன்மைக்குப் போய் அந்த ஷெட்யூல் ஆப்புக்கான அனுமதியை அணைத்தேன். நம் விரல் செய்வதைப்போல அதுவே ஒவ்வொரு பெயராகத் தொட்டு அனுப்புகிறதாம். வாழ்த்து வாசகம் கேட்டதாக நினைத்துக் கவிதை அனுப்பிய காரைக்குடி அக்காவுக்கும் நன்றி, அடுத்த வருஷம் ஆகும்.

போனவற்றை 'அனைவருக்கும் நீக்கு' கொடுத்து ஒவ்வொன்றாக அழித்தேன். இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரைதான் அது முடியும். முதலில் அழித்தது, போன மாதம் கணவரை இழந்த ஒரு அத்தைக்குப் போனதை. "புதுக்கயிறு மாற்ற நம்ம கடைக்கு வாங்க" என்று இருந்தது. நீல டிக் வந்துவிட்டது. நேரில் போய்ப் பேசினேன்.

எதிர்பாராதது: வெகுநாளாகப் போனை எடுக்காத கடன்காரர் ஒருவர் "வாழ்த்துக்கு நன்றி, பாக்கியை நாளைக்குத் தர்றேன்" என்றார். தரவும் செய்தார்.

போன் மாற்றியபோது 'கடை' லேபிள் காலியாகி, ஆப் எல்லோரையும் எடுத்துக்கொண்டிருக்கும் என்கிறார் அண்ணன். உறுதியாகவில்லை. இப்போது பிராட்காஸ்ட் பட்டியல்தான். ஒரு பட்டியலில் 256 பேர், அதுவும் நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும்.