உங்கள் பூசாரிக்கு யார் படியளக்கிறார்கள்?

வறண்டபாலாறு:
மிகுபுனைவு நாவல் ஒன்று எழுதுகிறேன். ஏழு தெய்வங்கள், ஆளுக்கொரு நிறம், வெள்ளை உடுத்திய பூசாரிகள். படைப்புக் கதை மட்டுமே 30 பக்கம் வந்திருக்கிறது. ஆனால் படித்தவர்கள் எல்லாரும் "மதம் மட்டும் ஒட்டவே இல்லை" என்கிறார்கள். இன்னும் என்ன சேர்க்க வேண்டும்?

அணைக்கட்டு வாசகி:
எதையும் சேர்க்காதீர்கள் தம்பி. அந்த 30 பக்கத்தை எடுத்து ஓரமாக வையுங்கள். உங்களுக்கு அது தெரிந்திருந்தால் போதும், வாசகருக்கு வேண்டாம். உங்கள் பூசாரி காலையில் எழுந்து என்ன சாப்பிடுகிறார்? அந்த அரிசியை யார் தருகிறார்கள்? படையல் முடிந்ததும் அதில் அவருக்கு எவ்வளவு, மேளக்காரருக்கு எவ்வளவு? மழை பொய்த்த வருடம் பங்கு குறைந்தால் முதலில் வாய் திறப்பது யார்? இதற்கெல்லாம் பதில் இருந்தால் மதம் தானாக நிற்கும்.

நம் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரரையே பாருங்கள். நீண்ட காலம் அந்தக் கோயிலில் மூர்த்தி இல்லை, பூசையும் இல்லை. கல்யாண மண்டபத்துச் சிற்பம் மட்டும் அப்படியே நின்றது. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981இல்தான் அதைக் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். கட்டடமோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச்சின்னம். இனி கற்பனைக்கு வாருங்கள். சாமி ஊருக்கு வெளியே இருந்த காலத்தில் அதற்கு விளக்கேற்றிய குடும்பம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமி பெரிய கோயிலுக்குத் திரும்பியதும் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று? உங்கள் நாவலில் இந்தக் கேள்விக்கு ஒரு அத்தியாயம் கொடுங்கள். ஏழு நிறத்தைவிட அது அதிகம் பேசும்.

கோட்டைவாசல்:
அக்கா சொல்வது கோயில் நிர்வாகக் கணக்கு. அதில் மதம் எங்கே இருக்கிறது? அரிசிக் கணக்கைப் படித்து யாருக்கு மயிர்க்கூச்செறியும்? பயமும் பக்தியும் இல்லாவிட்டால் பூசாரியும் ஒன்றுதான், கிராம அலுவலரும் ஒன்றுதான். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் பாருங்கள். பரசுராமன் தாய் ரேணுகையின் தலையை வெட்டிய கதையால்தான் அத்தனை கூட்டம். முதலில் கதை, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

குடியாத்தம்காரன்:
சார், எங்கள் ஊர்த் திருவிழாவை இழுத்ததால் சொல்கிறேன். கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் சிரசு தெருவுக்குள் நுழையும்போது தேங்காய் உடைக்க வேண்டும் என்பது நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். ஓடு காலில் குத்தும், இளநீர் வழுக்கும், அதிலேயே சில்லு பொறுக்க ஒரு கூட்டம் குனிந்தபடியே போகும். கோயிலில் சிரசைக் கொண்டுபோய் உடலோடு பொருத்துவார்கள். அது ரேணுகையின் உடல் இல்லை, சண்டாளச்சியின் உடல். ஏன் அப்படி என்று கேட்டால் எங்கள் தெருவிலேயே பாட்டி ஒன்று சொல்வார், மாமா ஒன்று சொல்வார். யாரும் உட்கார்ந்து முழுக் கதையை விளக்க மாட்டார்கள்.

அணைக்கட்டு வாசகி:
அதுதான் விஷயம். கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதையை அரைகுறையாக, ஆளுக்கொரு விதமாக விடுங்கள் என்கிறேன். இருவருக்கும் தெரிந்த சங்கதியை ஒரு பக்தர் இன்னொரு பக்தருக்கு விளக்குகிறார் என்றால் அங்கே எழுத்தாளர் பேசுகிறார் என்று வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

காட்பாடி முறைக்காரன்:
பூசாரிப் பங்கு பற்றிப் பேச்சு போவதால் கேட்கிறேன். எங்கள் கோயிலில் அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் மாதாமாதம் முறை. 12 மாதத்தை மூன்று பேர் சுற்றினால் ஆடி எப்போதும் ஒருவருக்கே வருகிறது. வருமானமே ஆடியில்தான். பெரியவர்கள் உட்கார்ந்து, ஆடியைப் பொதுவாக்கி, மீதி 11 மாதத்தைச் சுற்றுக்கு விட்டார்கள். 11 மூன்றால் வகுபடாததால் வருடத்துக்கு வருடம் முறை தானாக நகரும். இப்போது பெரியண்ணன் தவறிவிட்டார். அவருக்கு இரண்டு மகன்கள். அவர்கள் அப்பாவின் ஒரு பங்கைப் பிரித்துக்கொள்வதா, ஆளுக்கொரு பங்கு கேட்கலாமா? கேஸ் போட்டால் நிற்குமா?

வறண்டபாலாறு:
அண்ணே, நான் கேட்டது நாவலுக்கு. ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

காட்பாடி முறைக்காரன்:
எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர் போடாதீர்கள். என் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

கோட்டைவாசல்:
சரி, சுவாரசியமான தகராறுதான். ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. உர்சுலா லெ குவின் 1971இல் எழுதிய 'அட்டுவானின் கல்லறைகள்' நாவலை எடுங்கள். சிறுமியைத் தூக்கிவந்து, பெயரைப் பறித்து, 'உண்ணப்பட்டவள்' ஆக்கிவிடுகிறார்கள். நிலத்தடி இருட்டில் வெளிச்சமே கூடாது. அந்தப் பயம் அரிசிக் கணக்கிலிருந்து வந்ததா?

அணைக்கட்டு வாசகி:
நல்ல உதாரணம், ஆனால் நீங்கள் பாதியைத்தான் சொன்னீர்கள். அந்தப் பெண்கள் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள்? நூல் நூற்கிறார்கள், நெய்கிறார்கள், சலித்துப்போகிறார்கள். தேவ அரசனின் கோயில் பளபளவென்று இருக்கிறது, பழைய சிம்மாசன மண்டபத்தின் கூரையோ சிதைந்து கிடக்கிறது. அரசு எந்தச் சாமிக்குச் செலவழிக்கிறது என்பதை அந்தக் கூரையே சொல்லிவிடுகிறது. கோஸில் என்ற பூசாரிக்கு, அந்த இருட்டில் குடியிருப்பதாகச் சொல்லப்படும் பெயரற்றவர்கள் என்ற பழைய சக்திகள்மேல் நம்பிக்கை கிடையாது. அவளுக்கு அதிகாரம்தான் கணக்கு. நம்பாத அவள் பக்கத்தில் நிற்பதால்தான் அந்தப் பெண்ணின் பயம் நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. எல்லாரும் ஒரே அளவு நம்பியிருந்தால் உங்கள் இருட்டும் வெளுத்திருக்கும்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கணக்கை மட்டும் எழுதினால் பூசாரிகள் எல்லாரும் திருடர்கள் என்ற நையாண்டியில் போய் முடியும். அதுவும் பொய்தான். பங்குக்காகச் சண்டை போடுகிற அதே ஆள், யாரும் பார்க்காத மழை இரவில் விளக்கு அணைந்துவிடுமோ என்று எழுந்து ஓடவும் வேண்டும்.

வறண்டபாலாறு:
அக்கா, ஒரு காட்சியை மாற்றிப் பார்த்தேன். மணல் மட்டும் ஓடும் ஆற்றின் தெய்வம். மூன்று பூசாரிக் குடும்பங்கள். வெள்ளம் வரும் மாதம் பொது. ஆனால் நாற்பது வருடமாக வெள்ளமே வரவில்லை, அந்த மாதத்து வருமானமும் இல்லை. ஒரு நாள் வெள்ளம் வருகிறது. பொது மாதம் என்ற ஒப்பந்தமே மூத்த பூசாரி ஒருவருக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது, அவர் சொல்வதை மற்ற இரு குடும்பமும் நம்பவில்லை. வாசலில் தண்ணீர், உள்ளே பஞ்சாயத்து.

குடியாத்தம்காரன்:
இதைப் படிப்பேன்.

அணைக்கட்டு வாசகி:
நன்றாக வருகிறது. இனி இரண்டு வேலை. அத்தியாயத்திலிருந்து தெய்வத்தை எடுத்துவிட்டுப் படியுங்கள். யாருடைய அன்றாடமும் மாறவில்லை என்றால் மதம் இன்னும் மேலே ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அப்புறம், மற்ற ஆறு தெய்வங்களை இந்தப் புத்தகத்தில் தொடாதீர்கள். சத்தியம் செய்யும்போதோ திட்டும்போதோ வாயில் பெயர் வந்தால் போதும்.

கோட்டைவாசல்:
வெள்ளத்தை அனுப்பியது தெய்வமா, மேற்கே பெய்த மழையா? அதைச் சொல்லாமல் விட்டால் வாசகரை ஏமாற்றுவது. மிகுபுனைவு என்றால் சாமி வந்தாக வேண்டும்.

அணைக்கட்டு வாசகி:
கூப்பிட்டதும் வரும் சாமிக்குப் பூசாரி எதற்கு? சாமி என்ன சொல்லிற்று என்று இரண்டு பேர் சண்டை போட இடம் இருந்தால்தான் பூசாரிக்கே வேலை.

கோட்டைவாசல்:
அப்படியென்றால் சமூக நாவலே எழுதலாமே. ஒரு தடவையாவது வர வேண்டும். நான் மாறப்போவதில்லை.

வறண்டபாலாறு:
ஒரு தடவை வரவைக்கிறேன் சார். ஆனால் நம்பாத பூசாரியின் முன்னால் மட்டும்.

காட்பாடி முறைக்காரன்:
மகன்கள் பங்கு விஷயம் யாருக்கும் தெரியாதா?