கலைச்சொல்: ‘ஃபசாட்’ என்பதற்குத் தமிழில் என்ன? கிளினிக் வரைபடம் ஒன்றை முன்வைத்து

யாழினி, ஜார்ஜ்டவுன்:

அனைவருக்கும் வணக்கம். டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் ஒரு சிறு கிளினிக்கின் இணையப் பக்கத்தைச் சீர்செய்துகொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருப்பதெல்லாம் நேரம், கட்டணம், இரண்டு மருத்துவர்களின் படம்தான். ஆனாலும் பழைய கைப்பேசியில் திறந்தால் விரல் அசைவுக்கு நகராமல் நின்றுவிடும். உலாவியின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, வேகத்தை ‘Slow 4G’ என்று குறைத்துவைத்துப் பார்த்தேன். கிளினிக்கின் சொந்தக் கோப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்ற எல்லாம் இரண்டு இடங்களிலிருந்து வந்தவை: மிதக்கும் வாட்ஸ்அப் உரையாடல் பெட்டி ஒன்று, கூகுள் வரைபடத்தைப் பக்கத்துக்குள் காட்டும் சட்டகம் இன்னொன்று.

வாட்ஸ்அப்புக்கு வழி எளிது. பெட்டியை நீக்கிவிட்டு ஒரு சாதாரண இணைப்பு வைத்தேன். வரைபடத்துக்கு வேறு வழி. சட்டகத்தின் இடத்தில் அதே அளவில் ஒரு நிலைப்படம். அழுத்தினால்தான் உண்மையான வரைபடம் வந்து அமரும். ஆங்கிலத்தில் இந்த நிலைப்படத்தை ‘ஃபசாட்’ என்கிறார்கள். மருத்துவரின் உதவியாளருக்குத் தமிழில் குறிப்பு எழுதித் தர வேண்டும். ‘முகப்பு’ என்று எழுதினால் தளத்தின் முதல் பக்கம் என்று நினைத்துவிடுவார். என்ன சொல்லலாம்?

குமரன், பட்டர்வொர்த்:

யாழினி, புதுச் சொல்லே தேவையில்லை. சட்டகத்தில் `loading="lazy"` என்று ஒரு பண்பைச் சேர்த்தால் போதும், மற்றதை உலாவி பார்த்துக்கொள்ளும். அதற்கு ‘தாமத ஏற்றம்’ என்ற சொல் முன்பே இருக்கிறது.

யாழினி:

குமரன் அண்ணா, முதலில் அதைத்தான் செய்தேன். நீளமான பக்கமாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. இந்தப் பக்கம் கைப்பேசியில் இரண்டு, மூன்று திரை உயரம்தான். குரோம் உலாவி, சட்டகம் கண்ணில் பட்ட பிறகு ஏற்றுவதில்லை. நெருங்கும்போதே, ஆயிரம் பிக்சலுக்கு மேல் தூரம் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. ஆகவே பக்கம் திறந்த உடனேயே வரைபடத்தின் நிரலும் வந்துவிட்டது. பண்பைச் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் நெட்வொர்க் பட்டியலில் ஒரே வரிகள்தான்.

வேறுபாடு இதுதான்: தாமத ஏற்றத்தில் முடிவெடுப்பது உலாவி. நான் சொல்வதில் முடிவெடுப்பவர் நோயாளி. வரைபடம் தேவையில்லாதவருக்கு அது வரவே வராது. அவருடைய உலாவி கூகுளைத் தொடர்புகொள்வதும் இல்லை. கிளினிக் பக்கம் என்பதால் இதையும் முக்கியமாக நினைக்கிறேன். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், அடுத்து வருபவர் என்னைப் போலவே ஒரு பண்பைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுவார்.

செல்வம், பிரிக்ஃபீல்ட்ஸ்:

நானும் இதே சிக்கலில்தான் இருக்கிறேன். என் உணவகத்தின் பக்கத்தில் வாட்ஸ்அப் இணைப்பு வைத்திருக்கிறேன். அழுத்தினால் எண் தவறு என்கிறது. ஹோஸ்டிங்கை மாற்றி வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடுமா?

யாழினி:

செல்வம் அண்ணா, உங்களுடையது வேகச் சிக்கல் அல்ல. எண்ணை 012 என்று தொடங்கி, முன்னால் நாட்டுக் குறியீடான 60 சேர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 60 போட்ட பிறகு அந்த 0 இருக்கக்கூடாது. கூட்டல் குறி, கோடு, இடைவெளி எதுவும் வேண்டாம்:

```
https://wa.me/6012XXXXXXX?text=Temujanji
```

கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பது, உரையாடல் திறக்கும்போது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும் சொல். கிளினிக்குக்கு ‘முன்பதிவு’ என்ற பொருளில் அந்த ஒரு மலாய்ச் சொல் மட்டும் வைத்தேன். என்ன நோய் என்று கேட்கும் வாக்கியத்தை அங்கே வைக்க எனக்கு விருப்பமில்லை. இணைப்புக்கு வெளியிலிருந்து எந்த நிரலும் வராது. பச்சைச் சின்னத்தையும் பக்கத்துக்குள்ளேயே எழுதிவிட்டேன். எனவே இதற்கு நிலைப்படமும் தேவையில்லை, புதுப் பெயரும் தேவையில்லை.

ஐயா, பாயான் லெப்பாஸ் (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):

யாழினி, நிரல் எனக்குத் தெரியாது. ஆனால் பெயர் வைக்கும் முன், அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அழுத்தினால் என்ன நடக்கிறது? அழுத்தாவிட்டால் என்ன?

யாழினி:

ஐயா, அழுத்தாவிட்டால் அது வெறும் படம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து தெருக்களை எடுத்து, அவர்கள் உரிமத்தின்படி மூலையில் அவர்கள் பெயரைக் குறித்து, 30 கிலோபைட்டுக்குள் சுருக்கினேன். அந்தப் படத்தைச் சுற்றி ஒரு இணைப்பு இருக்கிறது. நிரல் ஏதும் ஓடாத நிலையில் அழுத்தினாலும் கூகுள் வரைபடம் தனியே திறக்கும். நிரல் ஓடினால் இது நடக்கும்:

```js
const a = document.getElementById('map');
a.addEventListener('click', e => {
  e.preventDefault();
  const f = document.createElement('iframe');
  f.src = a.dataset.embed;
  f.title = 'கிளினிக் வரைபடம்';
  f.style.cssText = 'width:100%;aspect-ratio:16/9;border:0';
  a.replaceWith(f);
  f.focus();
});
```

இணைப்பு விலகும், அதே இடத்தில் சட்டகம் வந்து அமரும். படத்துக்கும் சட்டகத்துக்கும் ஒரே விகிதம் இருப்பது அவசியம். முதல்முறை அதை மறந்துவிட்டேன். சட்டகம் உயரம் குறைந்து வந்ததால் கீழே இருந்த தொலைபேசி எண் மேலே குதித்தது. அதை அழுத்தப் போன விரல் வேறெதையோ அழுத்தியது.

ஐயா:

அப்படியென்றால் ‘முகமூடி’ வேண்டாம்; அது ஏமாற்று. ‘ஒதுக்கிடம்’ என்று சிலர் சொல்வதும் பொருந்தாது. அது தானாக விலகும், இது கேட்டால்தான் விலகும். எனக்குத் ‘திண்ணை’ தோன்றுகிறது. வழிப்போக்கர் திண்ணையில் அமரலாம், முகவரி கேட்கலாம், எழுந்து போகலாம். கதவைத் தட்டினால்தான் வீடு திறக்கும். இதைத் ‘திண்ணைப்படம்’ எனலாம்.

குமரன்:

நெருக்கம் பற்றி யாழினி சொன்னதை நானே சோதித்தேன், சரிதான். ஆனால் திண்ணையை ஏற்க மாட்டேன் ஐயா. திண்ணையில் உட்கார்ந்தவர் உள்ளே போனாலும் திண்ணை அங்கேயே இருக்கும். இங்கே படம் மறைந்துவிடுகிறது. அதோடு, இங்கே பிறந்த பிள்ளைகள் ஐந்தடி நடைபாதையைத்தான் பார்த்திருக்கிறார்கள், திண்ணையைப் பார்த்ததில்லை. செயலுக்குப் பெயர் வைப்போம்: ‘அழைப்பேற்றம்’. அழைத்தால் ஏறும். ‘தாமத ஏற்றம்’ பக்கத்தில் வைத்தால் வேறுபாடும் உடனே புரியும்.

செல்வம்:

யாழினி, அந்த 0-வை எடுத்தேன், வேலை செய்கிறது, நன்றி. ஒன்று கேட்கிறேன். என் வாடிக்கையாளர்கள் வழி பார்க்க வேஸ் செயலியைத்தான் திறக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்துக்குள் வரைபடம் எதற்கு?

யாழினி:

செல்வம் அண்ணா, இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கைப்பேசியில் வருபவருக்கு வழிதான் வேண்டும். பக்கத்துக்குள் இரண்டு விரலால் நகர்த்தும் குட்டி வரைபடம் அவருக்கு உதவாது. இன்று மாலை நிரலில் ஒரு நிபந்தனை சேர்த்தேன்: திரை குறுகலாக இருந்தால் `preventDefault` வரியும் அதற்குப் பின் வரும் வரிகளும் ஓடாது, இணைப்பு நேராக வரைபடச் செயலியைத் திறக்கும். வேஸுக்குத் தனி இணைப்பு ஒன்றும் கீழே வைத்துவிட்டேன். கணினியில் பார்ப்பவருக்கு மட்டுமே சட்டகம் வரும்.

இதனால் பெயர்ச் சிக்கல் கூடிவிட்டது. கைப்பேசியில் அந்தப் படம் எதையும் ஏற்றுவதில்லை, ஆகவே ‘அழைப்பேற்றம்’ அங்கே பொருந்தவில்லை. ஆனால் அங்கே அது மறைவதும் இல்லை. குமரன் அண்ணாவின் மறுப்பும் கைப்பேசிக்குப் பொருந்தவில்லை. உதவியாளருக்கான குறிப்பில் படத்தைத் ‘திண்ணைப்படம்’ என்றும், கணினியில் நடப்பதை ‘அழைப்பேற்றம்’ என்றும் எழுதி அனுப்பினேன்.

குமரன்:

இரண்டாவதில் எனக்கு மறுப்பில்லை. முதலாவதை நான் இன்னும் ஏற்கவில்லை.

ஐயா:

உதவியாளர் படித்துவிட்டு என்ன கேட்கிறார் என்று எழுதுங்கள் யாழினி. அவருக்குத் திண்ணை தெரியாவிட்டால் மாற்றிக்கொள்கிறேன்.