பொதுக் காரணமா, ஒருமூலமா? – காரண விளைவு வினாக்களுக்கு ஒரு சொல்

மலர்விழி: குழுவினருக்கு வணக்கம். காரண விளைவு வினாத்தொகுதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒவ்வொரு வினாவிலும் இரண்டு கூற்றுகள், அவற்றுக்கிடையே உள்ள உறவைச் சொல்ல ஐந்து தெரிவுகள். முதல் இரண்டு தெரிவுகளில் சிக்கலில்லை: ஒரு கூற்று காரணம், மற்றது அதன் விளைவு. மூன்றாவது 'இரண்டும் சார்பற்ற காரணங்கள்'. நான்காவது 'இரண்டும் சார்பற்ற காரணங்களின் விளைவுகள்'. அவசரத்தில் மாணவர்கள் இரண்டையும் ஒன்றாகவே படிக்கிறார்கள். ஐந்தாவது 'இரண்டும் ஒரு பொதுக் காரணத்தின் விளைவுகள்'. அதில் வரும் 'பொதுக் காரணம்', 'பொதுவாகச் சொல்லப்படும் காரணம்' என்று அர்த்தமாகிவிடுகிறது. நல்ல சொல் தாருங்கள்.

இளங்கோ: 'காரணம்' வடசொல். 'ஏது' இருக்கிறதே! எது என்பது நீண்டு ஏது ஆனது. ஐந்தாம் வேற்றுமைக்கே ஏதுப்பொருள் உண்டு. 'ஓரேது விளைவு', 'வேற்றேது விளைவு' என்போம்.

சுந்தரம்: ஐயா, ஏதுவும் 'ஹேது' வழி வந்ததுதான். எதுவோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். 'ஓரேது' என்பதைத் தேர்வறையில் பிரித்துப் படிக்கவே அரை நிமிடம் போகும்.

கரீம்: சைவ சித்தாந்தத்தில் முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் என்று மூன்று உண்டே, அதிலிருந்து எடுக்கலாமா? மண், சக்கரம், குயவன்.

சுந்தரம்: அங்கே ஒரு குடத்துக்கு மூன்று காரணம். இங்கே வேண்டியது ஒரு காரணத்துக்கு இரண்டு குடம்.

தேவகி: கூற்று, காரணம் வினாவில் 'காரணம் கூற்றைச் சரியாக விளக்குகிறது' என்று போடுவோமே, அதையே வைக்கலாமே?

மலர்விழி: அது வேறு வகை அம்மா. அங்கே இரண்டில் எது காரணம் என்பதை வினாவே சொல்லிவிடும். இங்கே அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

கரீம்: இரண்டும் ஒரே நாளில் நடந்தால் ஐந்தாவது தெரிவு என்று சொல்லித் தரலாமே?

சுந்தரம்: பாதி சரி. நேரம் ஒத்துப்போவது சந்தேகத்தைத்தான் கிளப்பும், முடிவாகாது. 'நேற்றிரவு கடலோர ஊரில் மின்சாரம் தடைபட்டது', 'நேற்றிரவு மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை' என்ற இரண்டையும் எடுங்கள். மின்தடையை மனத்தில் அழித்துப் பாருங்கள், படகுகள் அப்போதும் கரையில்தான். படகுகளை அனுப்பிப் பாருங்கள், விளக்கு எரியப்போவதில்லை. ஆக, ஒன்று மற்றதற்குக் காரணமில்லை. வெளியே புயல் என்ற ஒன்று இரண்டுக்கும் நேரே பொருந்துகிறது, எனவே ஐந்து. இரண்டாம் கூற்று 'நேற்றிரவு ஊர் நூலகத்துக்குப் புதிய நூல்கள் வந்தன' என்றிருந்தால்? நேரம் அதேதான், ஆனால் நூல்களைப் புயல் கொண்டுவராது. எனவே நான்கு. 'வங்கி வீட்டுக்கடன் வட்டியைக் குறைத்தது', 'அரசு பத்திரப்பதிவுக் கட்டணத்தைக் குறைத்தது' என்றால், இரண்டும் வீடு வாங்குவோரைக் கூட்டக்கூடிய செயல்கள். அது மூன்று.

இளங்கோ: அப்படியானால் 'ஒருவேர் விளைவுகள்', 'பலவேர் விளைவுகள்'. வேர் தமிழ்தானே?

தேவகி: 'ஒருவேர்' எனக்கு 'ஒருவேளை' என்று தெரிகிறது.

கரீம்: 'ஒருமூல விளைவு'?

தேவகி: மூலம் என்றாலே வகுப்பு சிரிக்கும்.

மலர்விழி: இப்போதைக்கு மூன்றாவது: 'இரண்டும் தனித்தனிக் காரணங்கள்'. நான்காவது: 'இரண்டும் வெவ்வேறு காரணங்களின் விளைவுகள்'. ஐந்தாவது: 'இரண்டும் ஒரே காரணத்தின் விளைவுகள்'. கலைச்சொல் இல்லைதான். ஆனால் படித்தால் புரிகிறது. நாளை மாலை அனுப்புகிறேன்.

கரீம்: சரி.

சுந்தரம்: சரி. நான்காவதில் 'வெவ்வேறு' என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இளங்கோ: அது வாக்கியம், சொல் இல்லை. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'விளைவு' கூட விளை என்ற வினையடியிலிருந்து வந்தது, வயலில் விளைவது...