தலைகீழாக மாற்றிய பின்னும் 4ஆம் கூற்று மட்டும் எதிர்த்திசையில் நிற்கிறது

வணக்கம். மதுரையில் 84 செவிலியர்களிடம் சுருக்க மீள்திறன் அளவையைத் தமிழில் கொடுத்து, 1 முதல் 5 வரை பதில் வாங்கியிருக்கிறேன். ஆறு கூற்றுகளில் 2, 4, 6 ஆகியவை எதிர்மறையானவை என்பதால், சராசரி எடுக்கும் முன் அவற்றைத் திருப்பினேன்.

```r
d[c("b2r","b4r","b6r")] <- 6 - d[c("b2","b4","b6")]
```

திருப்பிய பின்னும் 4ஆம் கூற்றுக்கும் மற்ற ஐந்தின் கூட்டுத்தொகைக்கும் உள்ள ஒட்டுறவு எதிர்க்குறியிலேயே வருகிறது. புதிய நெடுவரிசைகளில் எழுதியதால் இருமுறை திருப்பியிருக்க வாய்ப்பில்லை. விடுபட்ட பதிலுக்கு இட்ட 9, திருப்பும்போது -3 ஆகிவிடும் என்பதால் முன்பே நீக்கிவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை இட்டவர்களை விலக்கிப் பார்த்தும் மாற்றமில்லை.

ஒரு தாளில் 4, 2, 4, 4, 5, 2 என்று இருக்கிறது. திருப்பினால் சராசரி 3.83; நான்காவதைத் திருப்பாமல் விட்டால் 4.17. பிறகுதான் கவனித்தேன்: அச்சிட்ட தாளில் அக்கூற்று "மீள்வது எனக்குக் கடினமல்ல" என்றும், இணையப் படிவத்தில் "கடினம்" என்றும் உள்ளது. எதிர்க்குறி, தாளில் பதிலளித்த 51 பேரிடம் மட்டுமே வருகிறது.

இந்த 51 பேருக்கு மட்டும் 4ஆம் கூற்றைத் திருப்பாமல் சேர்ப்பது முறையா, அல்லது அனைவருக்கும் அதை விட்டுவிட்டு ஐந்து கூற்றுகளின் சராசரியை எடுக்க வேண்டுமா?