திண்டு உறைக்கு ஒரு மீட்டர் துணி போதுமா? அவசரம்

புதுவரவு: இங்கே வந்து இரண்டு வாரம்தான். நாளை மறுநாள் மாமனார், மாமியார் வருகிறார்கள். வாடகை வீட்டிலேயே ஒரு நீளத் திண்டு இருந்தது, உறைதான் இல்லை. தையல் மிஷினை நாளை மாலைக்குள் திருப்பித் தர வேண்டும். ஒரு மீட்டர் துணி போதுமா?

பனிக்காற்று: முதலில் நல்ல தலையணை வாங்குங்கள். இங்கே ஜெர்மனியில் பெரும்பாலும் 80 x 80 செ.மீ. சதுரம்தான். ஊரிலிருந்து கொண்டுவந்த உறை எதுவும் சேராமல், முதல் குளிர்காலம் முழுக்கத் துண்டைச் சுருட்டித்தான் தலைக்கு வைத்தேன்.

ஊசிநூல்: அவர் கேட்டது திண்டைப் பற்றி. தங்கச்சி, திண்டின் நீளம், சுற்றளவு, துணியின் பன்னா மூன்றும் வேண்டும். சுற்றளவை டேப்பை இறுக்காமல் எடுங்கள்.

புதுவரவு: நீளம் 90, சுற்றளவு 63 செ.மீ. பருத்தித் துணி, பன்னா 110. ஒரு மீட்டர் வாங்கியே விட்டேன் அக்கா!

கைத்தையல்: 63-ஐ 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 20. உடலுக்கு 93 x 66, இரு முனைக்கும் 20 செ.மீ. வட்டம். முடிந்தது.

ஊசிநூல்: உடலுக்குச் சரி, ஒவ்வொரு ஓரத்திலும் ஒன்றரை செ.மீ. விட்டிருக்கிறீர்கள். வட்டத்துக்கு விடவில்லையே! 20-ல் வெட்டினால் தைத்த பின் 17-தான் நிற்கும். அதன் சுற்று 53. உடலின் சுற்று 63. அந்தப் பத்து செ.மீ. சுருங்கிச் சுருங்கி நிற்கும். வட்டம் 23 வேண்டும்.

பனிக்காற்று: இதற்கு இவ்வளவு கணக்கா? இங்கே தைக்கக் கொடுத்தால் கூலி துணி விலையைத் தாண்டும்.

கைத்தையல்: அதைச் சொல்லுங்கள். ஒரு ஜிப் மாற்றவே மூன்று வாரம் இழுத்தடித்தார்கள்.

மெத்தைக்கட்டு: வட்டமே வேண்டாம், மிட்டாய்த் தாள் மாதிரி இரு முனையையும் கட்டிவிடலாம்.

ஊசிநூல்: கட்டலாம், ஆனால் முனைக்கு 20 செ.மீ.யாவது கூடுதல் நீளம் வேண்டும். ஒரு மீட்டரில் வராது. புலம்பல் போதும், வேலைக்கு வருவோம்.

துணியை முதலில் நனைத்துக் காயவையுங்கள். பருத்தி நூற்றுக்கு ஐந்து வரை சுருங்கலாம், அப்போதும் 95 செ.மீ. மிஞ்சும். பன்னாவின் குறுக்கே 93 வரும்படி உடலை வைத்தால் நீளத்தில் 66 போகும். அதற்குக் கீழே வட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில், 23. மொத்தம் 89. போதும்.

ஜிப்பை நீளத் தையலில் முதலில் வையுங்கள். அப்புறம் உடலின் இரு முனை ஓரத்திலும் இரண்டு செ.மீ.க்கு ஒரு முறை, ஒரு செ.மீ. ஆழத்துக்கு வெட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் வட்டத்தோடு வளையாது. வட்டத்தை மூடும் முன் ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள், இல்லையென்றால் உறையைப் புரட்டவே முடியாது.

புதுவரவு: நனைத்துவிட்டேன் அக்கா. சாதாரணத் தலையணைக்கும் இதிலேயே மிஞ்சுமா?

ஊசிநூல்: மிஞ்சாது. அதன் அளவைச் சொல்லுங்கள்.