எக்கோ நார்மல் என்கிறார்கள், ஆனால் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. உதவுங்கள்

கவிதா_மேலூர்
அவசரமாகக் கேட்கிறேன். அம்மாவுக்கு மூன்று மாதமாக மூச்சு வாங்குகிறது. முதலில் மாடி ஏறினால் மட்டும்தான் இருந்தது. இப்போது வாசல் தெளித்துக் கோலம் போட்டு நிமிர்ந்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எக்கோ எடுத்தோம். ஹார்ட் நார்மல், பம்பிங் 62 என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் வீசிங் என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். ஒரு மாதம் ஆகியும் மாற்றமே இல்லை. ஹார்ட் நன்றாக இருக்கிறது என்றால் எதனால்தான் இப்படி? யார் வீட்டிலாவது இப்படி இருந்ததா?

விருதுநகர்_ராஜா
அம்மாவுக்கு என்ன வயது? எடை? பிபி, சுகர் உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? ஒன்றுமே சொல்லவில்லையே.

சங்கரன்62
பதிவு போடும் முன் பழைய இழைகளைத் தேடிப் பாருங்கள் என்று எத்தனை முறை சொல்வது? பம்பிங் 55க்கு மேல் இருந்தால் இதயம் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அதோடு இதயத்தை விட்டுவிடலாம். வயதானவர்கள் மாடி ஏறினால் மூச்சு வாங்கத்தான் செய்யும். எடையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

ஹேமலதா_கரூர்
ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? என் மாமியாருக்கு இதேதான். எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டுக் கடைசியில் பார்த்தால் இரத்தம் 7.2. இரும்புச் சத்து ஏற்றிய பிறகு ஓடியாடி வேலை செய்கிறார்.

விருதுநகர்_ராஜா
எனக்கு அடைப்பாக இருக்குமோ என்றுதான் தோன்றுகிறது. பெண்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சிரைப்பாக மட்டும் வரலாம். எங்கள் சித்திக்கு அப்படித்தான் வந்தது. நேராக ஆஞ்சியோ எடுத்துவிடுங்கள்.

கவிதா_மேலூர்
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். அம்மாவுக்கு 71 வயது. உயரம் 152 செ.மீ, எடை 78 கிலோ. சுகர் இல்லை. பிபி 20 வருடமாக உண்டு. காலையில் அட்டெனோலால் 50, இரவில் அம்லோடிபின் 5. நாடித்துடிப்பு எப்போது பார்த்தாலும் 52, 54 என்றுதான் இருக்கும். இரத்தம் 11.4. தைராய்டு சரியாக இருக்கிறது.

சாயங்காலம் கால் வீங்குகிறது. கல்யாணத்திலிருந்து போட்டிருக்கும் மெட்டி இப்போது விரலில் இறுகிப் பதிந்துவிட்டது, சோப்பு போட்டும் கழற்ற முடியவில்லை. இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கிறார். சில நாள் இரவு 2 மணிக்கு எழுந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள்கிறார். பிறகுதான் மூச்சு சீராகிறது.

எக்கோ ரிப்போர்ட்டில் இரண்டாம் பக்கம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் எங்களுக்கு விளக்கவில்லை. இடது மேலறை 44 மி.மீ, சுவர் தடிமன் 12 மி.மீ, கிரேடு 2 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், E/e' 16, நுரையீரல் தமனி அழுத்தம் 42 என்று போட்டிருக்கிறது. வால்வுகளில் பெரிய கோளாறு இல்லை.

பொதுமருத்துவர்_நெல்லை
விஷயம் அந்த இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறது, கவிதா.

62 என்பது, உள்ளே வந்த இரத்தத்தில் இதயம் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. எவ்வளவு இரத்தம் உள்ளே வந்தது, அதை உள்ளே விட எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டது என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. உங்கள் அம்மாவின் இதயம் நன்றாகச் சுருங்குகிறது. ஆனால் தளரத் தெரியவில்லை, டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் என்பது இதுதான். 20 வருட பிபியை எதிர்த்து வேலை செய்ததில் இடது கீழறையின் சுவர் தடித்து விறைத்துவிட்டது. புது பலூனை முதல் முறை ஊதும்போது கன்னம் வலிக்குமே, அதுபோல இந்த அறையை நிரப்புவதற்கே அதிக அழுத்தம் வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தம் பின்னால் இருக்கும் மேலறைக்கு ஏறுகிறது. அதனால்தான் அது 44க்கு விரிந்திருக்கிறது. அங்கிருந்து நுரையீரலுக்கு ஏறி, அங்கே நீர் கசிய ஆரம்பிக்கிறது. பம்பிங் குறையாமலே வரும் இதயச் செயலிழப்பு, HFpEF என்று இதைத்தான் சொல்வோம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது சமாளித்துவிடுவார். வேலை செய்யும்போது திரும்பி வரும் இரத்தம் கூடுகிறது, துடிப்பும் கூடுகிறது. நிரம்பக் கிடைக்கும் நேரம் குறைகிறது. விறைத்த அறையால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. இரவில் படுத்ததும் காலில் தேங்கிய நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது. 2 மணிக்கு எழுந்து உட்காருவது அதனால்தான். மூச்சுக்குழாய் சுருக்கம் காரணம் இல்லை என்பதால் இன்ஹேலர் கேட்கவில்லை.

வயதான பெண்களுக்கு இது அதிகமாக வருகிறது. பெண்களின் இதய அறை இயல்பிலேயே சற்றுச் சிறியது. மாதவிடாய் நின்ற பிறகு இரத்தக்குழாய்கள் வேகமாக விறைக்கின்றன. பிபியும் வயிற்றுப் பகுதிக் கொழுப்பும் சேர்ந்தால் அது இன்னும் கூடுகிறது.

சங்கரன்62
டாக்டர், டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் என்று 60 தாண்டிய யார் ரிப்போர்ட்டிலும்தான் இருக்கும். என் ரிப்போர்ட்டிலும் இருக்கிறது. நான் தினமும் 5 கிலோமீட்டர் நடக்கிறேன். தேவையில்லாமல் பயமுறுத்த வேண்டாம்.

பொதுமருத்துவர்_நெல்லை
நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. கிரேடு 1 வயதானால் பலருக்கும் வரும், அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லக்கூடாது. இங்கே கிரேடு 2, விரிந்த மேலறை, ஏறிய நுரையீரல் அழுத்தம், கூடவே தொந்தரவும் இருக்கிறது.

இதற்கு மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2018இல் வெளியிட்ட ஒரு மதிப்பெண் கணக்கு உண்டு, மொத்தம் 9. உங்கள் அம்மாவுக்குப் போட்டுப் பார்க்கிறேன். உயரத்துக்கான எடைக் குறியீடான பி.எம்.ஐ. 30க்கு மேல், அதற்கு 2. இரண்டு பிபி மாத்திரைகளுக்கு 1. வயது 60க்கு மேல், 1. நுரையீரல் அழுத்தம் 35க்கு மேல், 1. அறையை நிரப்பும் அழுத்தத்தைக் காட்டும் E/e' 9க்கு மேல், 1. ஆக 6. நாடி தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் இன்னும் 3 சேரும். 6 வந்தாலே இந்த நோயாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

ஹேமலதா சொன்ன இரத்தசோகையும் இத்தகைய இதயத்தைப் பாதிக்கும்தான், ஆனால் 11.4 இந்த அளவு மூச்சிரைப்பைத் தராது. ராஜா சொன்ன அடைப்பைத் தள்ளிவிட முடியாது, உங்கள் மருத்துவரே முடிவு செய்யட்டும். ஆனால் மெட்டி இறுகுவதை ஆஞ்சியோ விளக்காது.

நீங்களும் அம்மாவும் மருத்துவரிடம் கேட்க வேண்டியது என்.டி. புரோ பி.என்.பி. இரத்தப் பரிசோதனை. இதயம் அழுத்தத்தில் இருந்தால் அந்த அளவு கூடும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு அது குறைவாகவே காட்டும். அதனால் அளவு சிறிதாக இருக்கிறதே என்று யாரும் நோயைத் தள்ளிவிடக்கூடாது. இன்னொன்று, அம்மாவுக்கு இரண்டு கைகளிலும் மரத்துப்போகும் தொந்தரவு உண்டா? தடித்த சுவருக்கு அமிலாய்டு என்ற புரதம் படிவது வேறு காரணமாக இருக்கலாம், அது கை நரம்பையும் அழுத்தும், அதற்காகத்தான் கேட்கிறேன்.

மெடிக்கல்_முருகன்
நிரம்ப நேரம் போதவில்லை என்றால் துடிப்பைக் குறைக்கும் அட்டெனோலால் நல்லதுதானே? துடிப்பு 52 என்றால் நிரம்ப நிறைய நேரம் கிடைக்குமே. என் கடையில் இதே நோய்க்கு நிறையப் பேர் அதை வாங்குகிறார்கள்.

பொதுமருத்துவர்_நெல்லை
முருகன், பல வருடம் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் விறைத்த இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் இரத்தத்தைக் கூட்ட முடியாது. படி ஏறும்போது அதற்கு இருக்கும் ஒரே வழி வேகமாகத் துடிப்பது. அட்டெனோலால் அந்த வழியை அடைத்துவிடுகிறது. நேரம் இரட்டிப்பானாலும் நிரம்பிய அறை மேலும் நிரம்பாது. நெஞ்சுவலியோ, வேகமான ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோ இருந்தால் அதற்கு இடம் உண்டு. இந்த அம்மாவுக்கு என்ன காரணத்துக்காகக் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். ஆனால் கவிதா, திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் சொன்னபடி.

செல்வராணி_தூத்துக்குடி
எனக்கும் இதேதான், 68 வயது. இரண்டு வருடமாக நீர் மாத்திரையும் டபாகிளிஃப்ளோசினும் சாப்பிடுகிறேன். சுகரே இல்லாத எனக்கு ஏன் சுகர் மாத்திரை என்று ஆரம்பத்தில் சண்டை போட்டேன். முதல் மாதம் கீழே அரிப்பு வந்தது, கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. பூஞ்சைத் தொற்றாம், ஒரு வாரக் களிம்பில் போய்விட்டது. என்னைப் போல மறைக்காதீர்கள். உப்புக்குப் பதில் இந்துப்பு போட்டுச் சமைக்கிறேன், அதனால்தான் வீக்கம் வரவில்லை.

விருதுநகர்_ராஜா
அக்கா, இந்துப்பும் உப்புதான். சோடியம் அதிலும் அதே அளவுதான் இருக்கும்.

சங்கரன்62
இந்துப்பில் 84 தாதுக்கள் இருக்கின்றன. தெரியாமல் பேச வேண்டாம்.

விருதுநகர்_ராஜா
நிறத்துக்கு வேண்டிய அளவு இருக்கும். மற்றதெல்லாம் சோடியம் குளோரைடுதான்.

மெடிக்கல்_முருகன்
கடையில் பொட்டாசியம் கலந்த குறைசோடியம் உப்பு விற்கிறோமே, அதை வாங்கிக்கொள்ளலாமே?

பொதுமருத்துவர்_நெல்லை
இந்துப்பு விஷயத்தில் ராஜா சொல்வதுதான் சரி. பொட்டாசியம் உப்பை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். இந்த நோயில் சிலருக்கு ஸ்பைரோனோலாக்டோன், டெல்மிசார்டன் போன்றவை கொடுப்போம். அவை பொட்டாசியத்தைத் தேக்கும், இரண்டும் சேர்ந்தால் இதயத்துடிப்பையே குலைத்துவிடும். எந்த உப்பானாலும் மொத்தமாக ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் வேண்டும். அதில் கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்தி.

செல்வராணியம்மா சொன்ன மாத்திரை முக்கியமானது. அந்த வகை மருந்தை இந்த நோய்க்கே பெரிதாகச் சோதித்த இரண்டு ஆய்வுகள் 2021இலும் 2022இலும் வந்தன. மருத்துவமனையில் சேரும் தேவை குறைந்தது. ஆயுளைக் கூட்டியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. வாந்தி பேதி வந்தாலோ, சாப்பிடாமல் விரதம் இருந்தாலோ அந்த நாட்களில் அதை நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கவிதா, தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பு இல்லை, நீர். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போட வேண்டாம், அவையும் நீரைத் தேக்கும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நுரை நுரையாகச் சளி வந்தாலோ காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

ஹேமலதா_கரூர்
கவிதா, இப்போது எப்படி இருக்கிறார்கள்?

கவிதா_மேலூர் (18 நாள் கழித்து)
தாமதத்துக்கு மன்னிக்கவும். வேறு மருத்துவரிடம் இரண்டாம் பக்கத்தைக் காட்டினோம். என்.டி. புரோ பி.என்.பி. 310 வந்தது. இந்த எடைக்கு இதுவே அதிகம்தான் என்றார். நீர் மாத்திரை டார்செமைடு 10, டபாகிளிஃப்ளோசின் 10 ஆரம்பித்தார். அட்டெனோலாலைப் பாதியாகக் குறைத்து, பிபிக்கு டெல்மிசார்டன் சேர்த்தார். பத்து நாளில் சிறுநீரகமும் பொட்டாசியமும் பார்த்தோம், சரியாக இருக்கிறது. எடை 78லிருந்து 75.2. ஒரு தலையணையில் தூங்குகிறார். நேற்று மெட்டி விரலில் சுழல்கிறது என்று காட்டினார். மாடி ஏற இன்னும் பாதியில் நிற்க வேண்டியிருக்கிறது. எல்லாருக்கும் நன்றி.

பொதுமருத்துவர்_நெல்லை
மகிழ்ச்சி. கை மரத்துப்போவது பற்றிக் கேட்டிருந்தேனே?

செல்வராணி_தூத்துக்குடி
கவிதாம்மா, காலையில் எடை பார்க்கும் மெஷின் எது வாங்கினீர்கள்? என்னுடையது ஒரு நாள் ஒரு எடை காட்டுகிறது.