கொடைக்கானலில் 108 டிகிரியில் மைசூர்பாகு கல்லானது ஏன்?

மீனா: ஒரு கம்பிப் பதத்துக்கு 108 டிகிரி என்று குறிப்பில் இருந்தது. அரைக் கிலோ சர்க்கரை, கால் லிட்டர் தண்ணீர். 108 வந்ததும் கடலை மாவைக் கொட்டினேன், மைசூர்பாகு கல்லாகிவிட்டது. நான் இருப்பது கொடைக்கானல். தெர்மாமீட்டர் பழுதா?

சுப்பையா: தெர்மாமீட்டரை எடுத்து உள்ளே வைம்மா. பலகாரக் கடையில் பாகு காய்ச்சியே வளர்ந்தவன் சொல்கிறேன், விரல்தான் கணக்கு. துளியைக் கரண்டி ஓரத்தில் ஆறவிட்டு இரண்டு விரலுக்கு நடுவே இழு. ஒற்றைக் கம்பி அறாமல் நின்றால் மாவு போடலாம்.

கார்த்திக்: தீ அதிகமாக இருந்திருக்கும். தீ கூடினால் பாகின் சூடும் கூடிப் பதம் தாண்டிவிடும்.

நளினி: பதம் சீக்கிரம் தாண்டும் என்பது சரி, காரணம் அதுவல்ல கார்த்திக். தீயைக் கூட்டினால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், அவ்வளவுதான். கொதிக்கும் பாகு எத்தனை டிகிரியில் நிற்கும் என்பது அதில் மிச்சமிருக்கும் தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீர் குறையக் குறையக் கொதிநிலை ஏறும்.

மீனா, உங்கள் தெர்மாமீட்டரில் பழுது இருக்காது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே வெறும் தண்ணீரே 93 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். அந்த 108 சமவெளியின் கணக்கு, அதாவது தண்ணீரை விட 8 டிகிரி அதிகம். நீங்கள் 15 டிகிரி ஏற்றியிருக்கிறீர்கள், அது கிட்டத்தட்ட உருண்டைப் பதம். சமவெளியில் 108-இல் உங்கள் அரைக் கிலோ சர்க்கரையோடு சுமார் 165 கிராம் தண்ணீர் இருக்கும். உங்கள் சட்டியில் 90 கிராம் அளவுதான் மிஞ்சியிருக்கும். கல்லாகாமல் என்ன செய்யும்? முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அளவு பாருங்கள். அதோடு 8 கூட்டினால் உங்கள் ஊர்ப் பதம். முனை சட்டியின் அடியைத் தொடக் கூடாது.

ராணி: எனக்கு அதிரசம் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகிறது. அதற்கு எத்தனை டிகிரி?

நளினி: அது வெல்லப்பாகு ராணி அக்கா, ஒரே எண் சொல்ல முடியாது. வெல்லத்தில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் எல்லாம் இருக்கும், அதுவும் மண்டைக்கு மண்டை மாறும். இவை கொதிநிலையைச் சர்க்கரையை விட அதிகமாக ஏற்றும். அதனால் அதே டிகிரியில் பாகு இளசாக இருக்கலாம். குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி விட்டு உருட்டிப் பாருங்கள். கரைந்தால் இன்னும் பதம் வரவில்லை.

சுப்பையா: பார்த்தாயா, கடைசியில் விரலுக்குத்தான் வந்தாய்!

நளினி: வெல்லத்துக்கு மட்டும், அண்ணா. சர்க்கரைப் பாகில் துளி சரியாக ஆறாமல் இழுத்தால் கம்பி வராது. இன்னும் கொஞ்சம் என்று காய்ச்சிக்கொண்டே இருப்போம், அதற்குள் பதம் போய்விடும்.

சுப்பையா: ஆறும்வரை அடுப்பை அணைக்கச் சொல்லேன். அதைவிட்டு எதற்கு எண்?

கார்த்திக்: கனமான உருளியில் அணைத்த பிறகும் பாகு கொதிக்கிறதே, அதற்கு எத்தனை டிகிரி முன்பே அணைப்பது?